புளித்த மாவிலும் முளைகட்டிய பயறிலும் பி12 ஏன் போதாது

கேள்வி: "கோபி பக்கமுங்க. எனக்கு 31 வயசு. நானும் வீட்டுக்காரரும் 5 வருசமா பால், தயிர், மோர், நெய் எதையும் தொடறதில்லீங்க. காலையில கம்மங்கூழு இல்லாட்டி பழைய சோறு, ராத்திரி இட்லி தோசை, தினமும் ஒரு கிண்ணம் முளைகட்டின பச்சைப்பயறு இல்லாட்டி கொள்ளு. இதுலயே பி12 கிடைச்சுரும்னு சொன்னாங்க. மூணு மாசமா ரெண்டு பாதமும் மதமதன்னு இருக்குது. டெஸ்ட்ல பி12 241, நார்மல்னு போட்டிருக்குது. ஹீமோகுளோபின் 11.2, எம்.சி.வி. 86. குழந்தைக்கு 7 மாசம், தாய்ப்பால் குடுக்கறேன். சாப்பாட்டுலயே சரி பண்ணிக்கலாமுங்களா, மாத்திரை வேணுங்களா?"

சாப்பாட்டை மாற்றிச் சரிசெய்துகொள்ளும் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். பி12 உங்களுக்கு மருந்தாகவே வேண்டும். இரண்டு பாதமும் ஒருசேர மரத்திருக்கிறது, கையில் பால் குடிக்கும் குழந்தையும் இருக்கிறது. இந்த இரண்டு காரணத்துக்காகவும் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள், குழந்தையையும் கூட்டிப் போங்கள். 241 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'நார்மல்' என்ற சொல்லை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அந்த எண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கூழையும் பயறையும் பார்த்துவிடலாம். அவற்றின் மீதிருந்த நம்பிக்கைதான் உங்களை 5 வருடம் மாத்திரை இல்லாமல் இருக்க வைத்திருக்கிறது.

பி12ஐச் செடி செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. ஈஸ்ட், காளான் போன்றவையும் செய்வதில்லை. பாக்டீரியாவும் அதையொத்த ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் மட்டுமே செய்கின்றன. அவற்றிலும் எல்லாவற்றுக்கும் அந்த வேலை தெரியாது. நடுவில் ஒரு கோபால்ட் அணுவை வைத்து, சுற்றிலும் ஒரு பெரிய கூட்டைக் கட்டி முடிக்க ஏறக்குறைய 30 நொதிகள் வரிசையாக வேலை செய்ய வேண்டும். அந்த வரிசை முழுதாக உள்ள பாக்டீரியாக்கள் சிலவே. 'புளித்த உணவில் பாக்டீரியா இருக்கிறது, பி12ஐச் செய்வதும் பாக்டீரியா, ஆகவே புளித்த உணவில் பி12 இருக்கும்' என்ற வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது. பாக்டீரியா இருந்தால் போதாது, எந்த பாக்டீரியா என்பதே கேள்வி.

இட்லி மாவைப் பொங்க வைப்பவை பெரும்பாலும் லியூக்கோனோஸ்டாக், லாக்டோபேசில்லஸ் போன்ற லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், கூடவே கொஞ்சம் ஈஸ்ட். பழைய சோற்றின் நீச்சத்தண்ணியிலும், இரவு கரைத்துவைத்த கம்பு மாவிலும் இதே கூட்டம்தான். மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாகவும் காற்றாகவும் மாற்றுவது இவற்றின் தொழில். அந்த வேலையில் சில பி வைட்டமின்கள் கூடுவதும் உண்மை, இரும்புச்சத்தை இறுக்கிப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைவதும் உண்மை. ஆனால் இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு பி12 செய்யத் தெரியாது. சில தங்களுக்கே வேண்டிய பி12ஐ வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. இதற்கு ஆய்வகத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. உணவில் எவ்வளவு பி12 இருக்கிறது என்று அளக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டு வரும் நுண்ணுயிர், தயிர் பாக்டீரியாவின் மிக நெருங்கிய சொந்தமான லாக்டோபேசில்லஸ் டெல்புரூக்கி. பி12 கொடுக்காவிட்டால் அது வளராது. எவ்வளவு வளர்கிறது என்று பார்த்து எவ்வளவு பி12 இருக்கிறது என்று கணக்கிடுவார்கள்.

அந்த முறையிலேயே ஒரு கோளாறும் உண்டு. இணையத்தில் நீங்கள் பார்க்கும் பல எண்கள் அதிலிருந்து வந்தவை. அந்தப் பாக்டீரியா உண்மையான பி12ஐக் கொண்டும் வளரும், பி12 மாதிரியே இருக்கும் போலிகளைக் கொண்டும் வளரும். அந்தப் போலியைச் சூடோகோபாலமின் என்பார்கள். கூடு அதேதான், அடிப்பக்கம் தொங்கும் துண்டு மட்டும் வேறு. ஆனால் நம் உடம்பு அந்தத் துண்டைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. வயிற்றில் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதம்தான் பி12ஐக் கையைப் பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கூட்டிப்போய்ச் சேர்க்கும். அது போலியைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் இந்தப் போலிதான், எனவே அந்த மாத்திரையையும் கணக்கில் வைக்காதீர்கள். 1991ல் நெதர்லாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. பால், இறைச்சி இல்லாமல் வளர்ந்து, பி12 குறைந்திருந்த குழந்தைகளுக்குப் பாசி உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் பி12 எண் ஏறியது, ஆனால் சிவப்பணுக்களின் நிலை சரியாகவில்லை. எண் ஏறுவதும் உடம்பு தேறுவதும் ஒன்றல்ல என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

'லாக்டிக் பாக்டீரியாவிலும் பி12 கண்டுபிடித்திருக்கிறார்களே' என்று யாராவது உங்களிடம் சொல்லலாம். அதுவும் உண்மைதான். அரிசிக் காடியான காஞ்சிகத்திலிருந்து எடுத்த ஒரு லாக்டோபேசில்லஸ் வகையில் உண்மையான பி12 இருப்பதாக மைசூரிலிருந்து 2010ல் ஓர் ஆய்வு வந்தது. அளவைப் பாருங்கள்: உலர்ந்த பாக்டீரியா ஒரு கிராமுக்குச் சுமார் 13 நானோகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் பெரியவர்களுக்குச் சொன்ன ஒரு நாள் தேவை 2.2 மைக்ரோகிராம், அதாவது 2,200 நானோகிராம். பால் கொடுக்கும் தாய்க்கு அதற்கும் மேல் ஒரு மைக்ரோகிராம் வேண்டும். 2,200ஐ 13ஆல் வகுத்தால் 170 வரும். தண்ணீர் போக, சோறு போக, வெறும் பாக்டீரியாவே உலர்ந்த நிலையில் 170 கிராம் வேண்டும். நன்றாகப் புளித்த ஒரு லிட்டர் நீச்சத்தண்ணியில் தாராளமாகக் கணக்கிட்டாலும் பாக்டீரியா ஒரு கிராம் தேறாது. அதுவும் அந்தக் குறிப்பிட்ட வகை உங்கள் பானையில் இருந்தால்தான். உங்கள் மாவில் எது வளரும் என்பதைத் தண்ணீரும் வெயிலும் உளுந்தும் கிரைண்டரும் தீர்மானிக்கின்றன. மார்கழியில் ஒன்று, சித்திரையில் ஒன்று. பிறகு அதை ஆவியில் வேகவும் வைக்கிறோம். டெம்பே என்ற புளித்த சோயாவில் சில நேரம் நல்ல அளவு பி12 கிடைப்பதும் இதே மாதிரித்தான். அதைச் செய்வது டெம்பேயின் பூஞ்சை அல்ல, தற்செயலாகக் கலந்துவிடும் வேறு பாக்டீரியா. சுத்தமாகச் செய்தால் அது இருக்காது.

அப்படியென்றால் தலைமுறை தலைமுறையாகக் கூழும் பழைய சோறும் குடித்து வயலில் வேலை பார்த்தவர்களுக்கு பி12 எங்கிருந்து வந்தது? அசைவம் சாப்பிட்டவர்களுக்கு அதிலிருந்து வந்தது. சைவமாக இருந்தவர்களுக்கு மோரிலிருந்து வந்தது. நம் பக்கம் கம்மங்கூழை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்த வீடு குறைவு. எருமைத் தயிரைக் கடைந்து, மோரை ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டுதான் குடித்தார்கள். பழைய சோற்றிலும் தயிர் விழும். பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 0.4 மைக்ரோகிராம் பி12 உண்டு. நாள் முழுக்கப் பாலும் தயிரும் மோருமாக அரை லிட்டர் போனால் 2 மைக்ரோகிராம் தேறிவிடும். மாடு அதை எப்படிப் பெறுகிறது என்றால், அதன் முதல் வயிற்றிலுள்ள பாக்டீரியா தீவனத்திலுள்ள கோபால்ட்டைக் கொண்டு செய்துகொடுக்கிறது. தயிரின் புளிப்பு எதையும் கூட்டவில்லை, பாலில் இருந்ததே தயிரிலும் இருந்தது. மோருக்குச் சேர வேண்டிய பெயர் கூழின் புளிப்புக்குப் போய்விட்டது. நீங்கள் கூழை வைத்துக்கொண்டு மோரை மட்டும் எடுத்துவிட்டீர்கள். உங்கள் கொள்கையில் தவறில்லை, அதை மாற்றிக்கொள்ளச் சொல்லவும் இல்லை. எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முளைகட்டிய பயறு விஷயம் இன்னும் எளிது. விதைக்குள் பி12 இல்லை, முளைப்பதற்குச் செடிக்கு அது தேவையும் இல்லை, எனவே அதைச் செய்யும் நொதிகளும் அதனிடம் இல்லை. முளைக்கும்போது வைட்டமின் சி உண்டாகிறது, ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் கூடுகிறது, பருப்பு செரிக்க எளிதாகிறது. பி12 மட்டும் பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்கே போகிறது. எங்காவது முளைப்பயறில் துளி பி12 அளந்திருந்தால் அது ஊறவைத்த தண்ணீரிலோ தோலின் மேலோ ஒட்டியிருந்த பாக்டீரியாவுடையது. சாணி எரு போட்ட கீரையில் இருக்கும் என்பதிலும் துளி உண்மை உண்டு. 1994ல் வெளியான ஓர் ஆய்வில் சாணி எரு இட்ட மண்ணில் வளர்ந்த பசலையில் உலர் எடை கிராமுக்குச் சுமார் 18 நானோகிராம் இருந்தது. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால், ஒரு நாள் தேவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கீரை வேண்டும், அதுவும் அளந்தது முழுக்க உண்மையான பி12 என்று வைத்துக்கொண்டால். கழுவாமல் சாப்பிட்டால் கிடைக்கும் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த மண்ணோடு கிடைப்பது கொக்கிப்புழுவும் வயிற்றுப்போக்கும்தான்.

இன்னொரு வாதத்துக்கு மட்டும் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. நம் குடலிலேயே பி12 உற்பத்தியாகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பகுதி பெருங்குடலில் நடக்கிறது. உறிஞ்சும் இடமோ அதற்கு முன்னால், சிறுகுடலின் கடைசியில். தண்ணீர் கடைமடைக்குப் போன பிறகு மேல்மடைக்கு ஏறாது. மாட்டுக்கு உற்பத்தி முன்னால், உறிஞ்சுதல் பின்னால் என்பதால் பிரச்சினை இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1980ல், தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களும் பி12 செய்கின்றன என்று காட்டினார்கள். சிலருக்குப் பல வருடம் குறைபாடு வராமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதற்கு மேல் அதை நீட்ட முடியாது. எல்லோருக்கும் அது நடக்குமென்றோ, தேவைக்குப் போதுமென்றோ அந்த ஆய்வு சொல்லவில்லை. உங்கள் பாதங்கள் உங்களைப் பொறுத்தவரை பதிலைச் சொல்லிவிட்டன.

இனி உங்கள் ரிப்போர்ட். பி12 மெல்லத் தீரும் சரக்கு. நன்றாகச் சாப்பிட்ட ஒருவரின் உடம்பில், பெரும்பாலும் ஈரலில், 2,000 முதல் 5,000 மைக்ரோகிராம் வரை சேமிப்பு இருக்கும். நாளுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு கழியும். பாலை மட்டும் நம்பியிருந்த சைவக்காரருக்குத் தொடக்கச் சேமிப்பே குறைவாக இருக்கும் என்பதால் உங்களுக்கு 1,500 என்று வைத்துக்கொள்வோம். வரவே இல்லாமல் 5 வருடம் போனால் மிஞ்சுவது 240 மைக்ரோகிராம் சுமார். 300க்குப் பக்கத்தில் வந்தாலே கோளாறு தலைகாட்டத் தொடங்கும். நடுவில் ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்று, 7 மாதமாகப் பாலும் கொடுக்கிறீர்கள், அந்தச் செலவு தனி. முதல் மூன்று நான்கு வருடம் ஒன்றுமே தெரியாமல் இருந்ததும் இதனால்தான். கூழும் பயறும் காப்பாற்றின என்று தோன்றிய காலத்தில் உண்மையில் பழைய சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு மில்லிலிட்டருக்கு 241 பிகோகிராம் என்பது நிச்சயக் குறைபாடும் இல்லை, நிச்சயமாகப் போதுமானதும் இல்லை. 200க்குக் கீழே என்றால் குறைபாடு என்று எடுத்துக்கொள்வார்கள். 200லிருந்து 300 வரை சந்தேகப் பகுதி. லேப் அச்சிடும் கீழ் எல்லை அந்தக் கருவிக்குரியது, 190, 210 என்று இடத்துக்கு இடம் மாறும். மேலும் அந்தச் சோதனை ரத்தத்திலுள்ள மொத்த பி12ஐ அளக்கிறது. அதில் பெரும்பங்கு செல்லுக்குள் போகாத புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவது. பால், முட்டை, இறைச்சி எதுவும் தொடாத ஒருவருக்கு, கால் மரத்திருக்கும்போது, 241 என்றால் குறைபாடு என்று கருதி நடப்பதுதான் சரி.

சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 86 இருக்கிறதே, பி12 குறைந்தால் சிவப்பணு பெருத்து 100ஐத் தாண்ட வேண்டாமா என்று மருத்துவரே கேட்கலாம். இரண்டு விஷயம் அதை மறைக்கும். ஒன்று, இரும்புச்சத்துக் குறைவு. அது அணுவைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும், சராசரி நடுவில் நின்று நல்ல பிள்ளை போலத் தெரியும். அதே ரிப்போர்ட்டில் சிவப்பணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. என்று ஒரு வரி இருக்கும். அது 15க்கு மேல் இருந்தால் சின்ன அணுவும் பெரிய அணுவும் கலந்திருக்கின்றனவா என்று சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது, ஃபோலேட். இதைக் கவனமாகப் படியுங்கள். தினமும் ஒரு கிண்ணம் முளைப்பயறு, கீரை, கொள்ளு என்று சாப்பிடும் உங்களுக்கு ஃபோலேட்டுக்குப் பஞ்சமில்லை. கர்ப்பக் காலத்தில் இரும்பும், ஃபோலேட்டின் மருந்து வடிவமான ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். ரத்த அணு உற்பத்தியில் பி12 இல்லாத குறையை ஃபோலிக் அமிலம், அதுவும் மாத்திரை அளவில், ஓரளவு ஈடுகட்டிவிடும். நரம்பில் ஈடுகட்டாது. அங்கே நரம்பைச் சுற்றியுள்ள உறை சிதைந்துகொண்டே போகும். ரத்தம் ஏறக்குறையச் சரியாகத் தெரிய, கால் மரத்துக்கொண்டே போவது இப்படித்தான். முளைப்பயறு பி12ஐத் தராதது ஒரு பக்கம், குறை தெரியாமல் மறைக்கவும் துணை போகலாம் என்பது மறுபக்கம். அதற்காகப் பயறையோ இரும்பு மாத்திரையையோ நிறுத்த வேண்டாம். கூடவே பி12 போய்ச் சேர வேண்டும்.

மருத்துவரிடம் இரண்டு சோதனையைப் பற்றிக் கேளுங்கள். எம்.எம்.ஏ. எனப்படும் மெதில்மலோனிக் அமிலம், பி12 குறைந்தால் மட்டுமே பெரும்பாலும் ஏறும், சிறுநீரகக் கோளாறு மட்டும் விதிவிலக்கு. விலை அதிகம், சிறு ஊர் லேபில் ரத்தம் எடுத்துப் பெரிய ஊருக்கு அனுப்புவார்கள். ஹோமோசிஸ்டீன் விலை குறைவு. ஆனால் ஃபோலேட் குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும் அதுவும் ஏறும். எடுத்த ரத்தத்தைக் குளிரில் வைத்து உடனே பிரிக்காவிட்டால் குழாயிலேயே பொய்யாக ஏறிவிடும். எதுவானாலும் முதல் பி12 ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துவிட வேண்டும், பிறகு எடுத்தால் பயனில்லை. முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கத் தேவையும் இல்லை. மருத்துவர் பெருவிரல் எலும்பில் அதிர்வுக் கவட்டையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பார், கண்ணை மூடி நிற்கச் சொல்வார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறீர்களா, இருட்டில் நடக்கத் தடுமாறுகிறதா, விரல் மூட்டுகள் வழக்கத்தைவிடக் கறுத்திருக்கின்றனவா, நாக்கு வழவழப்பாகி எரிகிறதா என்பதை நீங்களே கவனித்துச் சொல்லுங்கள்.

நரம்பு பாதித்திருக்கும்போது பொதுவாக ஊசியில் தொடங்குவார்கள். பரவலாகப் பின்பற்றும் ஒரு முறை, 1,000 மைக்ரோகிராம் தசை ஊசி ஒரு வாரம் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு ஒரு மாதம் வாரம் ஒன்று, அதன் பிறகு மாதம் ஒன்று அல்லது மாத்திரை. உங்கள் நிலைக்கேற்ப மருத்துவர் மாற்றுவார். தாய்ப்பால் கொடுப்பதற்கு இது தடையில்லை. ஹீமோகுளோபின் சில வாரங்களில் ஏறத் தொடங்கும். நரம்பு மெதுவானது, 3 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும். தொடக்கத்தில் சிலருக்கு எரிச்சலும் குறுகுறுப்பும் கொஞ்சம் கூடும், அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதத்தில் பிடித்தது பெரும்பாலும் மீளும். வருடக்கணக்கில் விட்டால் முழுதாக மீள்வதற்கு உறுதியில்லை.

குழந்தையைப் பற்றி. தாயின் ரத்தத்தில் பி12 குறைந்தால் பாலிலும் குறையும், பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பும் சிறிதாகவே இருந்திருக்கும். குழந்தை மந்தமாகக் கிடப்பது, முன்பு சிரித்தது இப்போது சிரிக்காதது, கழுத்து நிற்கத் தாமதம், உட்காரத் தொடங்கியது மறப்பது, வெளிறிய உடம்பும் கறுத்த விரல் மூட்டும், கைகால் நடுக்கம். இதில் ஒன்று தெரிந்தாலும் நாளை என்று சொல்லாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் இந்த வாரம் காட்டி, 'நான் பால் பொருள் எதுவும் சாப்பிடுவதில்லை, எனக்கு பி12 241' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குழந்தைக்கான அளவை அவர் சொட்டு மருந்தாகத் தருவார். உங்கள் மாத்திரையை உடைத்துக் கரைத்துக் கொடுக்க வேண்டாம். ராகிக் கூழும் பருப்புச் சோறும் இணை உணவாக நன்று, ஆனால் பி12க்கு அவை கணக்கில் வரா.

வீட்டுக்காரருக்கும் சோதனை வேண்டும். அவருக்குத் தொந்தரவு இல்லை, எண்ணும் நன்றாக இருக்கிறது என்றால் மாத்திரையே போதும். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்த இன்ட்ரின்சிக் ஃபேக்டர் வழி ஒரு வேளைக்கு 1.5 முதல் 2 மைக்ரோகிராம்தான் உள்ளே போகும், பிறகு சில மணி நேரம் கதவு மூடிக்கொள்ளும். அதற்கு மேல் விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் தானாகக் கசிந்து போகும். 500 மைக்ரோகிராம் மாத்திரை போட்டால் 2ம் 5ம் சேர்ந்து சுமார் 7 சேரும். 1,000 போட்டால் சுமார் 12. எனவே அவருக்கு 1,000 மாத்திரை வாரத்துக்கு இரண்டு முறை, அல்லது 500 ஒன்றுவிட்டு ஒரு நாள் போதுமானது. ஊசி முடிந்த பிறகு பால் கொடுக்கும் வரை நீங்கள் தினமும் 500 எடுப்பது நல்லது. அதிகமானது சிறுநீரில் போய்விடும், அதற்கு உச்ச வரம்பு எதையும் வகுக்கவில்லை. கடையில் எளிதாகக் கிடைக்கும் பி12 வகை மெதில்கோபாலமின். சயனோகோபாலமின் கிடைத்தால் தினசரிக் காப்புக்கு நான் அதையே சொல்வேன், நிலைத்தன்மை அதிகம், அளவு குறித்த ஆய்வுகளும் அதில்தான் அதிகம். இரண்டும் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பவைதான், விலங்கிலிருந்து அல்ல. கேப்சூல் என்றால் கூடு பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினாக இருக்கும், உங்களுக்கு மாத்திரையோ சொட்டோ பொருந்தும். அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவராக இருந்தால், அல்லது யாராவது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் எடுப்பவராக இருந்தால், பி12 இன்னும் குறையும், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

செறிவூட்டிய அரிசியில் பி12 சேர்த்திருக்கிறார்களே என்ற கேள்வியும் வரும். சேர்த்திருக்கிறார்கள், கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை. நாளுக்குக் கால் கிலோ அரிசி சாப்பிட்டால் அதிகபட்சம் சுமார் 0.3தான் தேறும். அரிசியில் வேறாகத் தெரியும் செறிவூட்டிய மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிய வேண்டாம், ஆனால் அதை நம்பி மாத்திரையை விடவும் வேண்டாம். அதே அரிசியில் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது என்பதை மேலே சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். சோயா பால், ஊட்டச்சத்து ஈஸ்ட் போன்றவற்றில் பாக்கெட்டின் பின்னால் பி12 எத்தனை மைக்ரோகிராம் என்று எழுதியிருந்தால் மட்டுமே இருக்கிறது. எழுதவில்லையென்றால் இல்லை.

ஊசி போட்ட சில வாரங்களில் யாராவது மறுபடி பி12 சோதனை எடுக்கச் சொன்னால் எண் 1,000, 2,000 என்று வரும், அது ஊசியின் எண். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் பார்க்க வேண்டியவை ஹீமோகுளோபின், எம்.சி.வி., முன்பு எடுத்திருந்தால் எம்.எம்.ஏ. அல்லது ஹோமோசிஸ்டீன், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மதமதப்பு பாதத்திலிருந்து விரல் நுனிக்கு இறங்குகிறதா, கணுக்காலுக்கு ஏறுகிறதா என்பது. ஏறினால், குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.